சரிபார்க்காத அளவுப் பட்டியலுக்கு எங்களால் விலை போட முடியாது: டெண்டர் ஆவணப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

கட்டுமான டெண்டர் ஆவணங்களைத் தயாரித்து வெளியிடும் பிரிவின் பொறுப்பாளர்களுக்கு,

டெண்டர் வெளியாகும் முன் அளவுப் பட்டியலை இரண்டாவது ஆள் ஒருவர் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டீர்கள். நேரம் போதவில்லை என்பது நீங்கள் சொன்ன காரணம். அதோடு நிபந்தனைகளில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது: பட்டியலில் உள்ள பிழைகளுக்கு விலை தருபவரே பொறுப்பு, அளவுகள் பற்றிய கேள்விகள் ஏற்கப்படா. இந்த இரண்டு முடிவுகளும் சேர்ந்து என்ன விளைவைத் தரும் என்பதை, நீங்கள் வெளியிட்ட பட்டியலின் ஒரே ஒரு பகுதியை எடுத்து வரிவரியாகக் காட்டுகிறோம். நாங்கள் எடுத்துக்கொண்டது நிலத்தடி நீர்த்தொட்டி. சிறிய வேலை, இருபது வரிகூடக் கிடையாது. பிழைகளை முழுதாகக் காட்ட அதுவே போதும்.

வரைபடத்தில் உள்ள அளவுகள் இவை. தொட்டியின் உள்ளளவு 6.0 மீட்டர் நீளம், 4.0 மீட்டர் அகலம், 3.0 மீட்டர் ஆழம். சுவர் கனம் 0.25 மீட்டர். ஆக வெளியளவு 6.5 × 4.5. அடி ஸ்லாப் நான்கு பக்கமும் சுவரைத் தாண்டி 0.25 மீட்டர் நீண்டிருக்கிறது, அதாவது 7.0 × 5.0, கனம் 0.30. மேல் ஸ்லாப் கனம் 0.20. அடியில் பி.சி.சி. 0.10 மீட்டர் கனம், அடி ஸ்லாப்பைவிடப் பக்கத்துக்கு 0.10 கூடுதலாக, 7.2 × 5.2. தொட்டியின் மேல்மட்டமும் தரைமட்டமும் ஒன்றே. ஆள்துளைக்கான சிறு கழிவைக் கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

இனி உங்கள் பட்டியலில் உள்ள பி.சி.சி. வரி. அளவு 37.44, அலகு கன மீட்டர்.

7.2-ஐ 5.2-ஆல் பெருக்கினால் 37.44 வரும். அது சதுர மீட்டர். கனமான 0.10-ஐப் பெருக்க மறந்து, அலகை மட்டும் கன மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். சரியான அளவு 3.744 கன மீட்டர். பத்து மடங்குப் பிழை. ஆனால் பட்டியலை மேலிருந்து கீழாக ஓட்டிப் படிப்பவர் கண்ணில் இது படாது. 37.44 என்பது கான்கிரீட் வேலையில் சாதாரணமாக வரக்கூடிய எண்தான். பட்டியலுக்குள்ளேயே இருந்துகொண்டு இதைக் கண்டுபிடிக்க வழியில்லை, வரைபடத்துக்குப் போக வேண்டும். அங்கே செய்ய வேண்டியது ஒரே ஒரு வகுத்தல். பட்டியலில் உள்ள கன அளவைத் தரைப்பரப்பால் வகுத்தால் கனம் கிடைக்கும். 37.44-ஐ 7.2 × 5.2-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர். அடி ஸ்லாப்புக்குக் கீழே ஒரு மீட்டர் கனத்துக்கு யாரும் பி.சி.சி. போடுவதில்லை. கன மீட்டரில் உள்ள எந்த வரியையும் பரப்பால் வகுத்துக் கனத்தைப் பார்ப்பது, சதுர மீட்டரில் உள்ளதை நீளத்தால் வகுத்து உயரத்தைப் பார்ப்பது என்ற இந்தத் திருப்பிப் போடும் கணக்குதான் அலகுப் பிழைகளைப் பிடிக்க நாங்கள் அறிந்த வழிகளில் விரைவானது.

கம்பி வரியிலும் இதே நோய். அளவு 3.53, அலகு குவிண்டால். அதாவது 353 கிலோ. தொட்டியின் ஆர்.சி.சி. மொத்தம் 32.10 கன மீட்டர் (அடி ஸ்லாப் 10.50, சுவர் 15.75, மேல் ஸ்லாப் 5.85). வகுத்துப் பார்த்தால் கன மீட்டருக்கு 11 கிலோ கம்பி. சுவரின் இரண்டு முகத்திலும் வலை போடும் நீர்த்தொட்டிக்கு இது நடக்காத காரியம். கணக்குப் போட்டவர் டன்னில் போட்டிருக்கிறார், தட்டச்சு செய்தவர் குவிண்டால் என்று எழுதியிருக்கிறார். 3.53 டன் என்றால் கன மீட்டருக்கு 110 கிலோ வருகிறது, அது நம்பக்கூடியது.

ஷட்டரிங் வரிக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் அங்கே இருப்பது இரண்டு தனித்தனிக் குறைகள். பட்டியலில் உள்ள அளவு 101.6 சதுர மீட்டர். நாங்கள் வரைபடத்திலிருந்து எடுத்தது இப்படி: அடி ஸ்லாப்பின் ஓரம் 24 மீட்டர் நீளம், 0.30 உயரம், 7.2. சுவரின் உட்புறம் 20 மீட்டர் சுற்றளவு, 3.0 உயரம், 60. வெளிப்புறம் 22 மீட்டர், அதே உயரம், 66. மேல் ஸ்லாப்பின் அடிப்பாகம் 24. அதன் ஓரம் 22 × 0.20, 4.4. கூட்டினால் 161.6. பட்டியலில் உள்ளதற்கும் இதற்கும் வித்தியாசம் சரியாக 60. சுவரின் உட்புறம் முழுவதும் விடுபட்டிருக்கிறது. கணக்குத் தாளைப் பார்க்காமலேயே எந்த முகம் விடுபட்டது என்று வித்தியாசமே சொல்லிவிடுகிறது.

சுவர் ஷட்டரிங்குக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. இரண்டு முகமும் அடைக்கும் சுவரில், ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு வேண்டிய ஷட்டரிங் பரப்பு என்பது இரண்டைச் சுவரின் கனத்தால் வகுத்தது. 0.25 மீட்டர் சுவருக்கு அது 8. சுவர் கான்கிரீட் 15.75 என்றால் ஷட்டரிங் 126 வர வேண்டும். உங்கள் பட்டியலில் சுவருக்கு இருப்பது 66, விகிதம் 4.2. பாதிக்குப் பக்கத்தில் ஒரு எண் வந்தாலே ஒரு முகம் காணோம் என்று புரிந்துகொள்ளலாம். மண்ணை ஒட்டி ஒருபக்கம் மட்டும் அடைத்துக் கான்கிரீட் போடும் சுவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. இங்கே வரைபடம் வெளிப்புறத்தில் நீர்க்காப்புப் பூச்சு கேட்கிறது, அதனால் இரண்டு பக்கமும் அடைத்தே ஆக வேண்டும்.

இரண்டாவது குறை வாசகத்தில் இருக்கிறது. ஆர்.சி.சி. வரியின் விவரிப்பு "சென்ட்ரிங், ஷட்டரிங் உட்பட" என்று முடிகிறது. நான்கு வரி தள்ளி ஷட்டரிங்குக்குத் தனி வரி. பழைய பட்டியல் ஒன்றிலிருந்து விவரிப்பை எடுத்து ஒட்டியபோது அந்தச் சொற்களை நீக்க மறந்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறோம். விளைவு என்ன? ஒருவர் ஷட்டரிங் செலவை கான்கிரீட் ரேட்டுக்குள் வைத்துவிட்டு, தனி வரிக்குப் பெயருக்கு ஒரு விலை போடுவார். இன்னொருவர் இரண்டு இடத்திலும் போடுவார். மூன்றாமவர் தனி வரியில் மட்டும் போடுவார். மூன்று பேருடைய விலையையும் அருகருகே வைத்து நீங்கள் எதை ஒப்பிடப் போகிறீர்கள்? வேலை நடக்கும்போது பில் போடும் கட்டத்தில், "உட்பட என்று எழுதியிருக்கிறதே, தனியாக ஏன் தர வேண்டும்" என்று உங்கள் தரப்பு கேட்கும். "தனி வரி இருக்கிறதே" என்று ஒப்பந்தக்காரர் கேட்பார். இரண்டுமே ஆவணத்தில் உள்ள வார்த்தைகள்தான்.

பிழைக்கு விலை தருபவரே பொறுப்பு என்று எழுதிவிட்டதால் நட்டம் உங்களுக்கு வராது என்று நீங்கள் நினைக்கலாம். பட்டியலில் உள்ள இரண்டு பிழைகளை மட்டும் எடுத்துக்கொண்டு அதைச் சோதிப்போம். உங்கள் ஒப்பந்தம் செய்த வேலையை அளந்து பணம் தரும் வகை. பி.சி.சி. பட்டியலில் பத்து மடங்கு அதிகம், ஷட்டரிங் 60 சதுர மீட்டர் குறைவு. நியாயமான ரேட் பி.சி.சி. கன மீட்டருக்கு 100, ஷட்டரிங் சதுர மீட்டருக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

பட்டியலை நம்பி விலை போடுபவர் நியாயமான ரேட்டையே போடுகிறார். பி.சி.சி. 37.44 × 100, 3744. ஷட்டரிங் 101.6 × 10, 1016. மொத்தம் 4760.

வரைபடத்தை எடுத்து அளந்து பார்த்து இரண்டு பிழைகளையும் கண்டுபிடித்தவர், கேள்வி கேட்க வழியில்லாததால் வாயைத் திறக்கவில்லை. பி.சி.சி.க்கு 50 போடுகிறார். ஏனென்றால் அதில் பத்தில் ஒரு பங்குதான் உண்மையில் நடக்கும் என்று அவருக்குத் தெரியும். ஷட்டரிங்குக்கு 22 போடுகிறார், அது வளரும் என்றும் தெரியும். 37.44 × 50, 1872. 101.6 × 22, 2235.20. மொத்தம் 4107.20. முதலாமவரைவிட ஏறத்தாழ 14 சதவீதம் குறைவு. வேலை இவருக்குப் போகிறது.

வேலை முடிந்து அளக்கும்போது பி.சி.சி. 3.744, ஷட்டரிங் 161.6. இந்த உண்மையான அளவுக்கு முதலாமவரின் விலை 374.40 + 1616, அதாவது 1990.40 ஆகியிருக்கும். வென்றவருக்கு நீங்கள் தர வேண்டியது 187.20 + 3555.20, அதாவது 3742.40. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. குறைந்த விலை என்று தேர்ந்தெடுத்தவர்தான் அதிக விலைக்காரர். நிபந்தனையில் நீங்கள் சேர்த்த வரி இதைத் தடுக்கவில்லை. கேள்வி கேட்கும் வாய்ப்பை அடைத்ததன் மூலம் பிழையைக் கண்டவர் அதைத் தனக்குள் வைத்துக்கொள்ளும்படி செய்திருக்கிறது. ஒரே தொகைக்கு ஒப்பந்தம் என்றால் கதை வேறு மாதிரி போகும். அங்கே பிழையைக் கவனிக்காதவர் நட்டத்தில் மாட்டுவார், பாதி வேலையில் கம்பியிலும் சுவரிலும் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார். இரண்டிலும் தொட்டி உங்களுடையது.

மண் வேலைக்கு வருவோம். தோண்டுவது 134.78 கன மீட்டர் என்றும், பக்கங்களில் மண் நிரப்புவது 75.18 என்றும் பட்டியல் சொல்கிறது. மிச்ச மண்ணை அப்புறப்படுத்தும் வரி கிடையாது.

தோண்டிய மண் ஒன்று குழிக்குத் திரும்பும், இல்லையென்றால் வெளியே போகும். இரண்டையும் கூட்டினால் தோண்டிய அளவு வர வேண்டும். குழிக்குள் நிரந்தரமாக இடம் பிடிக்கும் பொருள்: பி.சி.சி. 3.744, அடி ஸ்லாப் 10.50, அதற்கு மேல் தொட்டியின் வெளிக்கொள்ளளவு 6.5 × 4.5 × 3.2, 93.60. கூட்டினால் 107.84. வெளியே போக வேண்டிய மண் இவ்வளவுதான். அப்படியானால் தோண்டுவது 134.78 என்ற கணக்கில் திரும்ப நிரப்புவது 26.94 மட்டுமே இருக்க முடியும். பட்டியலில் 75.18 எப்படி வந்தது?

வித்தியாசம் 48.24. தோண்டும் வரியைப் போட்டவர் பி.சி.சி.யின் அளவான 7.2 × 5.2-க்கு நேராக 3.6 மீட்டர் ஆழம் எடுத்திருக்கிறார். நிரப்பும் வரியைப் போட்டவர் அடி ஸ்லாப்பைச் சுற்றி ஆள் நின்று வேலை செய்ய 0.6 மீட்டர் இடம் விட்டு, 8.2 × 6.2-க்கு எடுத்திருக்கிறார். அந்தக் குழியின் அளவு 183.02. 183.02-இலிருந்து 134.78-ஐக் கழித்தால் அதே 48.24. ஒரே குழியை இரண்டு பேர் இரண்டு விதியில் அளந்திருக்கிறார்கள். கட்டடத்தின் நிகர அளவை மட்டும் அளந்து, வேலை இடத்தை ரேட்டுக்குள் அடக்குவது ஒரு முறை. வேலை இடத்தையும் சேர்த்து அளப்பது இன்னொரு முறை. இரண்டும் தவறில்லை, ஆனால் ஒரே பட்டியலில் இரண்டும் இருக்கக் கூடாது. எந்த அளவீட்டு விதி என்று முன்னுரையில் ஒரு வரி இருந்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. ஐ.எஸ். 1200, என்.ஆர்.எம். 2 போன்ற விதிநூல்கள் இருப்பதே இதற்காகத்தான். உங்கள் முன்னுரை எந்த நூலையும் சொல்லவில்லை.

183.02 என்பதுகூடக் குழியின் பக்கங்கள் செங்குத்தாக நிற்கும் என்ற நம்பிக்கையில் வந்த எண். 3.6 மீட்டர் ஆழத்தில் பக்கத்தைத் தாங்காமல் ஆட்களை இறக்கக் கூடாது. ஒன்று பக்கத்தாங்கல் வரி வேண்டும், அல்லது சரிவாக வெட்ட வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்துக்கு அரை மீட்டர் வீதம் சரிவு வைத்தால் குழியின் வாய் 11.8 × 9.8 ஆகும், தோண்டும் அளவு 291.89 கன மீட்டராக ஏறும். பட்டியலில் உள்ளதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். உங்கள் பட்டியலில் பக்கத்தாங்கல் வரியும் இல்லை, சரிவுக்கான அளவும் இல்லை. இந்த இரண்டில் எது என்று முடிவு செய்வது விலை போடுபவரின் வேலை என்று நீங்கள் கருதினால், அதையாவது எழுதுங்கள். மண் சரிந்த பிறகு பேச வேண்டிய விஷயம் இல்லை இது.

அப்புறப்படுத்தும் வரியைச் சேர்க்கும்போது இன்னொன்றைச் சொல்லிவிடுங்கள். 107.84 என்பது மண் தரைக்குள் இருக்கும்போது உள்ள அளவு. தோண்டியதும் அது உப்பும், லாரியில் ஏற்றும் அளவு அதைவிட அதிகம். குழியில் அளப்பதா லாரியில் அளப்பதா என்று விவரிப்பில் இல்லையென்றால் ஒவ்வொரு பில்லிலும் தகராறுதான்.

விடுபட்ட இனங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டியலை எத்தனை முறை படித்தாலும் அதில் இல்லாததைக் கண்டுபிடிக்க முடியாது. நாங்கள் செய்வது, பட்டியலை மூடி வைத்துவிட்டு, வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே அந்தத் தொட்டியை மனத்தில் கட்டுவது. முதல் மண்வெட்டியிலிருந்து தொட்டியில் நீர் நிற்கும் நாள் வரை வேலை நடக்கும் வரிசையில் ஒவ்வொரு செயலையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பிறகு பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் வரி எண்ணைக் குறிப்பது. எண் கிடைக்காத செயல் ஒன்று வேறொரு வரியின் ரேட்டுக்குள் அடங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் அது விடுபட்டது.

அப்படிக் குறித்தபோது எண் கிடைக்காமல் நின்றவற்றில் மூன்றைச் சொல்கிறோம்.

ஒன்று, வாட்டர்ஸ்டாப். அடி ஸ்லாப்பை முதலில் வார்த்து, பிறகுதான் சுவர் எழும்பும். அந்த இணைப்பில் நீர் கசியாமல் இருக்கச் சுவரின் மையக்கோட்டில் ஒரு பட்டை ஓடுகிறது என்று வரைபடத்தின் குறுக்குவெட்டு காட்டுகிறது. நீளம் 21.0 மீட்டர். சுவரை இரண்டு கட்டமாக வார்த்தால் நடு இணைப்பில் இன்னொரு 21.0. இந்தப் பொருளின் தன்மை, அதன் பாதி அடி ஸ்லாப்போடு சேர்த்து வார்க்கப்பட வேண்டும் என்பது. அடி ஸ்லாப் வார்க்கும் காலையில் பட்டை அங்கே இல்லையென்றால் பிறகு அதை நுழைக்க இடமில்லை. பட்டியலில் வரி இல்லாததால் கூடுதல் இனத்துக்கு ரேட் முடிவாகும்வரை அதை வாங்க மாட்டார்கள், வார்ப்பு அதற்காகக் காத்திருக்காது. பிறகு இணைப்பில் ஊசி போட்டு ரசாயனம் ஏற்றுவதுதான் கதி. சிறிய தொகை, ஆனால் விடுபட்டால் திரும்பப் பெற முடியாத இனம். தொகையை மட்டும் வைத்து முக்கியத்துவத்தை முடிவு செய்யும் மேலோட்டமான பார்வையில் இது தப்பிவிடும்.

இரண்டு, நீர் இறைப்பு. குழி காயும்வரை பம்ப் ஓடினால் போதும் என்ற எண்ணத்தில் இதை மண் வேலையின் ரேட்டுக்குள் தள்ளியிருந்தால், அது போதாது. தொட்டியின் கான்கிரீட் 32.10 கன மீட்டர், எடை ஏறக்குறைய 80 டன். வெளியே நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறினால் அது தொட்டியை மேலே தள்ளும் விசை, தொட்டி அடைத்துள்ள கொள்ளளவான 104.10 கன மீட்டர் நீரின் எடைக்குச் சமம், 104 டன். வெற்றுத் தொட்டி அந்த நிலையில் மிதக்கும். ஆகவே மண் வேலை முடிந்து நெடுநாள் கழித்தும், பக்கம் நிரப்பி, வடிவமைப்பாளர் நிறுத்தலாம் என்று சொல்லும்வரை பம்ப் ஓட வேண்டும். யாருடைய செலவில்? தனி வரி வேண்டும். அலகு பம்ப்-மணியா மொத்தத் தொகையா என்பதும், எந்தக் கட்டம் வரை என்பதும் விவரிப்பிலேயே இருக்க வேண்டும். (விசையைத் தாங்கத் தொட்டி போதிய எடை உடையதா என்பது வடிவமைப்பாளரைக் கேட்க வேண்டிய தனிக் கேள்வி. அதையும் கேட்க வழி விடுங்கள்.)

மூன்று, கசிவுச் சோதனை. 72 கன மீட்டர் நீரை நிரப்பி, சில நாள் வைத்து, மட்டம் இறங்குகிறதா என்று பார்த்து, பிறகு வெளியேற்ற வேண்டும். நீர் கொண்டுவருவது யார், வெளியேற்றுவது எங்கே என்பதற்கு விலை உண்டு. முக்கியமாக, பக்கங்களில் மண் நிரப்பும் முன் இதைச் செய்தால்தான் சுவரின் வெளிமுகத்தில் ஈரம் எங்கே தெரிகிறது என்று பார்க்க முடியும். சோதனைக்கு வரியே இல்லாத பட்டியலில், யாரும் அதற்காக நிரப்பு வேலையை நிறுத்தி வைக்கப் போவதில்லை.

ஆள்துளை மூடி, ஏணிப்படி, சுவரில் குழாய் புகும் இடங்களில் வைக்கும் விளிம்புக் குழாய்கள் ஆகியவையும் இல்லை. இவற்றை எண்ணிக்கையில் சேர்த்துவிடலாம்.

கடைசியாகக் கூட்டல். தொட்டிப் பகுதியின் மதிப்பீட்டுத் தொகை, அதன் வரிகளைத் தனித்தனியாகக் கூட்டினால் வருவதில்லை. நீங்கள் தந்த கணினித் தாளில் காரணம் வெளிப்படையாகவே இருக்கிறது. தொகைகள் 5-ஆம் வரியிலிருந்து 19-ஆம் வரி வரை உள்ளன. கூட்டல் இப்படி இருக்கிறது:

```
=SUM(F5:F18)
```

19-ஆம் வரியில் இருக்கும் நீர்க்காப்புப் பூச்சு பிற்பாடு கடைசியில் சேர்க்கப்பட்டது, கூட்டலின் எல்லை நீளவில்லை. போதாததற்கு 11-ஆம் வரியின் தொகை எண்ணாக இல்லாமல் எழுத்தாகத் தட்டச்சாகியிருக்கிறது. பார்வைக்கு எண் போலவே இருக்கும், கூட்டல் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். கூட்டலின் எல்லையை F5:F19 என்று திருத்திவிட்டு, வரிகளுக்கு இரண்டு சோதனை வைத்தால் போதும். ஒவ்வொரு வரியிலும் அளவை ரேட்டால் பெருக்கியதும் எழுதியிருக்கும் தொகையும் ஒத்துப்போகிறதா என்பது முதலாவது. எண்ணாக இல்லாத கட்டங்கள் எத்தனை என்பது இரண்டாவது. இரண்டுக்கும் விடை பூஜ்யமாக வர வேண்டும்.

```
=ROUND(C5*E5,2)-F5
=ROWS(F5:F19)-COUNT(F5:F19)
```

முதல் சோதனை 11-ஆம் வரியைப் பிடிக்காது, எழுத்தாக உள்ள எண்ணையும் கழித்தல் ஏற்றுக்கொண்டுவிடும். அதனால்தான் இரண்டாவது தேவைப்படுகிறது. தொகையும் ரேட்டும் முரண்பட்டால் எது நிற்கும் என்ற விதியும் உங்கள் நிபந்தனைகளில் இல்லை. உலக வங்கியின் மாதிரி டெண்டர் ஆவணங்களில் ரேட்டே நிற்கும், தசமப்புள்ளி வெளிப்படையாக இடம் மாறியிருந்தால் மட்டும் தொகையை வைத்து ரேட் திருத்தப்படும். எழுத்திலும் எண்ணிலும் முரண்பட்டால் எழுத்தில் உள்ளதே நிற்கும். அப்படி ஒரு தெளிவான வரியை நீங்களும் எழுதலாம்.

இந்த மடலில் உள்ள கணக்குகளில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தவிர வேறில்லை. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு மாலைப் பொழுதில் முடியும் வேலை. நேரம் இல்லை என்ற காரணத்தை நாங்கள் ஏற்காததற்கு இதுவே காரணம்.

உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை.

இப்போது வெளியில் இருக்கும் டெண்டரின் நீர்த்தொட்டிப் பகுதியைத் திரும்பப் பெற்று, மேலே சொன்ன வரிகளைத் திருத்தி, திருத்தப்பட்டியலாக எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். விலை தரும் கடைசி நாளை அதற்கேற்பத் தள்ளி வையுங்கள். தொட்டிப் பகுதியைத் தயாரித்தவர்களே மற்ற பகுதிகளையும் தயாரித்திருந்தால், அவற்றையும் இதே கணக்குகளால் சோதித்த பிறகே கடைசி நாளை அறிவியுங்கள்.

அளவுகள் பற்றிய கேள்விகள் ஏற்கப்படா என்ற வரியை நீக்குங்கள். கேள்விகளுக்கு ஒரு கெடு வையுங்கள், வரும் கேள்வியையும் உங்கள் பதிலையும் கேட்டவர் பெயர் இல்லாமல் எல்லோருக்கும் தெரிவியுங்கள். பிழையைக் கண்டவர் அதை உங்களிடம் சொல்வதால் தன் போட்டியாளருக்கு மட்டும் லாபம் என்ற நிலை இல்லாமல், எல்லோரும் ஒரே அளவுக்கு விலை போடும் நிலை அப்போதுதான் வரும்.

இரண்டாவது ஆள் சரிபார்க்கும் கட்டத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அந்த ஆள் அளவுகளை எடுத்தவராக இருக்கக் கூடாது. அவர் பட்டியலிலிருந்து தொடங்காமல் வரைபடத்திலிருந்து தொடங்க வேண்டும், சரிபார்த்த தாளில் தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும்.

பட்டியலோடு அளவெடுத்த கணக்குத் தாளையும் தாருங்கள். 37.44 எந்தப் பெருக்கலில் வந்தது என்று தெரிந்திருந்தால் எல்லோரும் முதல் நாளே பார்த்திருப்பார்கள்.

முன்னுரையில் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: எந்த அளவீட்டு விதிநூல், வேலை இடம் அளவில் சேர்ந்ததா ரேட்டில் சேர்ந்ததா, முரண்பட்டால் எது நிற்கும், பட்டியலில் இல்லாத இனத்துக்கு ரேட் எப்படி முடிவாகும். ஆர்.சி.சி. வரியிலிருந்து "சென்ட்ரிங், ஷட்டரிங் உட்பட" என்ற சொற்களை எடுத்துவிடுங்கள்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை விலை தரும் கடைசி நாளுக்கு முன் எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். அதுவரை இந்தப் பட்டியலுக்கு எங்களிடமிருந்து விலை வராது.

இப்படிக்கு,
அளவுப் பட்டியல்களைச் சரிபார்த்து விலை போடும் மதிப்பீட்டாளர்கள்